போஸ்டர் அமர்வுக்கும் ஆய்வுகூடத் திறந்த நாளுக்கும் உங்களைப் பற்றிய சிறு குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பீடத்து மாணவர்களின் போஸ்டர்களையும் அவற்றோடு போகும் அறிமுகக் குறிப்புகளையும் வாங்கித் தொகுக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கு நான் நேரில் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு நிலத்தடி நீர் ஆய்வு ஒன்றையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் கிணறு தெரியாதவர் இல்லை என்பதால் எல்லோருக்கும் பிடிபடும்.

போஸ்டரிலேயே என் பெயர் இருக்கு, ஆய்வுச் சுருக்கமும் இருக்கு. பிறகு ஏன் என்னைப் பற்றி இன்னும் 60 சொல்?

ஆய்வுச் சுருக்கம் ஆய்வைப் பற்றியது. போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் யார், அவரிடம் எதைக் கேட்கலாம் என்பது அதில் இராது. மண்டபத்துக்குள் வருகிறவர் ஒரு வரிசையில் 30 போஸ்டரைக் கடந்து போகிறார். உங்கள் முன்னால் நின்று, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை வாசிக்க அவர் தரும் நேரம் கால் நிமிடந்தான். அந்தக் கால் நிமிடம் முடியும்போது அவர் வாயில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வந்தால் நின்று பேசுவார். வராவிட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த போஸ்டருக்குப் போய்விடுவார்.

இன்னொரு பயனும் உண்டு. அமர்வுக்குத் தலைமை தாங்குபவரும் மதிப்பிட வருபவர்களும் உங்களை அறிமுகப்படுத்த இந்தக் குறிப்பைத்தான் வாய்விட்டு வாசிப்பார்கள். அதனால் கண்ணுக்கு மட்டும் எழுதாமல், ஒருவர் மூச்சு வாங்காமல் வாசிக்கக்கூடிய விதமாக எழுதுங்கள்.

நான் இன்னும் இறுதி ஆண்டு மாணவிதான் மிஸ். ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லை. என்னத்தை எழுதுவது?

இதைக் கேட்ட ஒரு பிள்ளையின் குறிப்பையே எடுத்துப் பார்ப்போம். பெயர் வரும் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். முதலில் அவர் எழுதித் தந்தது இது:

> ———— யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர். ஆரம்பக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் உள்ளூர்ப் பாடசாலையில் கற்று, க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சிறந்த பெறுபேறு பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானவர். தற்போது இறுதி ஆண்டில் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று வருகிறார். சுற்றாடல் மீது மிகுந்த ஆர்வம் கொண்ட இவர், நீர் மாசடைதல் தொடர்பான ஆய்வுகளில் ஈடுபட்டு வருகிறார். பல கருத்தரங்குகளில் பங்குபற்றிச் சான்றிதழ்கள் பெற்றுள்ளார்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்து முடித்தவருக்கு இந்தப் பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்காது. முதல் வரியைப் பாருங்கள். “பிறப்பிடமாகக் கொண்ட” என்பது நம் ஊர்ப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மரண அறிவித்தலும் நினைவு மலரும் எழுதப்படும் அதே ஒழுங்கில், பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பெற்ற சிறப்பு என்று வரிசையாகப் போகிறது. நாம் சின்ன வயதிலிருந்து வாசித்த வாழ்க்கைக் குறிப்பு அதுதான் என்பதால், எழுதச் சொன்னால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். இந்த இடத்துக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

“மிகுந்த ஆர்வம் கொண்ட”, “ஈடுபட்டு வருகிறார்” என்ற இரண்டும் எந்த மாணவருக்கும் பொருந்தும். பக்கத்துப் போஸ்டரில் நிற்பவரின் பெயரைப் போட்டாலும் அந்த வரி மாறாமல் நிற்கும் என்றால், அந்த வரி உங்களைப் பற்றியது ஆகாது.

சரி, பேப்பரை மூடி வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன்: “நீர் என்ன செய்தனீர், அதை முதல் சொல்லும்.” அப்புறம் அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டியிருந்தது. உரும்பிராய், இணுவில் பக்கத்தில் 10 தோட்டக் கிணறும் 10 வீட்டுக் கிணறும் தெரிந்தெடுத்திருக்கிறார். நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறுவதற்கு இங்கே முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் போடும் உரம், மற்றது வீட்டு வளவுக்குள் இருக்கும் மலசலகூடக் குழி. நம் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல் இருப்பதால், மேலே போட்டது கீழே போக அதிக நேரம் எடுக்காது. அதனால்தான் இரண்டு வகைக் கிணறையும் சம எண்ணிக்கையில் எடுத்திருக்கிறார்.

கோடை முடிவில், செப்டெம்பரில் ஒரு தடவையும் மாரி முடிந்து ஜனவரியில் ஒரு தடவையும் ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்தார். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போனாராம். போத்தலில் அடைத்த தண்ணீரைச் சூட்டில் விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றின் அளவையே மாற்றிவிடும். அதனால் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் போனதால் நாலு கிணற்றுத் தண்ணீருக்கு அந்த 48 மணித்தியாலம் கடந்துவிட்டது. திரும்பப் போய் அந்த நாலு கிணற்றிலும் மறுபடி தண்ணீர் எடுத்து வந்தார். இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய குரலே மாறிவிட்டது. எழுதித் தந்த குறிப்பில் இதில் ஒரு சொல்லும் இல்லை.

சேர்ந்து இருந்து எழுதியது இப்படி வந்தது:

> ———— யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் இறுதி ஆண்டு மாணவி. வலிகாமத்தில் 10 தோட்டக் கிணறுகளிலும் 10 வீட்டுக் கிணறுகளிலும் கோடை முடிவில் ஒரு தடவையும் மாரிக்குப் பின் ஒரு தடவையும் தண்ணீர் எடுத்து, நைத்திரேற்றின் அளவைத் தானே அளந்து ஒப்பிட்டிருக்கிறார். ஒரே கிணற்றில் மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறுவது ஏன் என்பதே இப்போது இவர் தேடும் விடை. கிணறுகளைத் தெரிந்தெடுத்த விதம், மாதிரிகளைக் கெடாமல் கொண்டுவந்த விதம் பற்றி இவரிடம் கேட்கலாம்.

நாலே வசனம். முதல் வசனம் யார், எங்கே. இரண்டாவது தன் கையால் என்ன செய்தார். மூன்றாவது இன்னும் விடை தெரியாமல் நிற்கும் இடம். நாலாவது எதைக் கேட்கலாம். இதில் இரண்டாவதுதான் உயிர். மற்ற மூன்றையும் ஒருவர் எழுதித் தரலாம், இரண்டாவதை நீங்களே சொன்னால்தான் வரும்.

கட்டுரை வெளிவராதது இங்கே ஒரு குறையே இல்லை. 20 கிணற்றிலும் தானே தண்ணீர் எடுத்தவருக்கு, பெரிய பட்டம் உள்ளவருக்கும் தெரியாத விடயங்கள் தெரிந்திருக்கும். எந்தக் கிணறு கட்டுக்கிணறு, எதன் வாயோடு உரக்கொட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் சில அடிதான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முடிவையும் ஒரு வரியில் போட்டால் நல்லாக இருக்காதா? “வலிகாமத்து நீர் பாதுகாப்பற்றது எனக் கண்டறிந்தவர்” என்று?

போடாதீர்கள். 20 கிணற்றை வைத்து வலிகாமம் முழுவதற்கும் ஒருவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. போஸ்டரில் வரைபடம் இருக்கும், எத்தனை மாதிரி என்று இருக்கும், அளவீட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்றும் இருக்கும். குறிப்பில் அதற்கெல்லாம் இடம் இல்லை. இடம் இல்லாத இடத்தில் முடிவை வைத்தால் அது ஊர்க்கதையாகிவிடும்.

எண்ணைப் போடுவதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 மில்லிகிராம். இரண்டும் ஒரே அளவுதான், சொல்லும் விதம் வேறு. ஒரு ஆய்வுகூடம் முதலாவது கணக்கில் சொல்லும், இன்னொன்று இரண்டாவதில் சொல்லும். உங்கள் குறிப்பில் “20” என்று மட்டும் இருந்தால், ஒருவர் 50க்குக் கீழே என்று நிம்மதியடைவார், இன்னொருவர் 11க்கு மேலே என்று பயப்படுவார். எண் போஸ்டரிலேயே, அலகோடு இருக்கட்டும்.

“நான்” என்று எழுதுவதா, “இவர்” என்று எழுதுவதா?

அச்சுப் புத்தகத்துக்கும் மேடையில் இன்னொருவர் வாசிப்பதற்கும் “இவர்”. திறந்த நாளில் உங்கள் மேசையிலேயே ஒட்டி, நீங்களும் பக்கத்தில் நிற்பதென்றால் “நான்” என்பதுதான் இயல்பு. தன்னைப் பற்றி “இவர் கற்று வருகிறார்” என்று எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் அவரே நிற்பது, வருகிற பிள்ளைகளுக்கு ஒரு இடைவெளியை உண்டாக்கும்.

“இவர்” எழுதும்போது ஒவ்வொரு வசனத்திலும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். மேலே உள்ள குறிப்பில் இரண்டாம் வசனத்தில் எழுவாயே இல்லை, ஒருவருக்கும் குழப்பம் வராது.

என் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கம்பஸ் பதிவில் ஒரு மாதிரி, ஈமெயிலில் இன்னொரு மாதிரி. எதைப் போடுவது?

இது சின்ன விடயம் போலத் தெரியும். பிற்காலத்தில் அதிகம் வருத்துவது இதுதான். தமிழில் தர்சினி என்று ஒரே விதமாக எழுதுகிற பெயர், ஆங்கில எழுத்தில் Tharsini, Tharshini, Dharshini, Darshini என்று நாலு விதமாக வரும். தேடும் இயந்திரத்துக்கு அவை நாலு ஆட்கள். தகப்பன் பெயரின் முன்னெழுத்தை முன்னால் போடுவதா, முழுப் பெயராகப் பின்னால் போடுவதா என்பதிலும் இதே சிக்கல். சில பெண்கள் கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முன்னெழுத்துக்கு மாறுகிறார்கள். அத்தோடு அதற்கு முன் செய்த ஆய்வுகள் வேறொருவருடையவை போல ஆகிவிடுகின்றன.

முதலாவது போஸ்டர் போடும்போதே ஒரு வடிவத்தை முடிவெடுங்கள். பல்கலைக்கழகப் பதிவில் இருப்பதை எடுப்பது பாதுகாப்பானது, ஏனென்றால் பட்டச் சான்றிதழில் வரப்போவது அதுதான். அதையே ஆய்வுச் சுருக்கத்திலும் போஸ்டரிலும் குறிப்பிலும் ஒரு எழுத்தும் மாறாமல் போடுங்கள். ஆய்வு செய்பவர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ORCID இலக்கம் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு இல்லை, சில நிமிட வேலை. நாலு நாலாகப் பிரித்த 16 இடம் கொண்ட இலக்கம் அது, கடைசி இடத்தில் சில வேளை X வரும். பின்னால் பெயர் மாறினாலும் அந்த இலக்கம் மாறாது.

கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். பெயருக்கு முன்னால் “கலாநிதி” போடலாமா?

பட்டம் கிடைத்த பிறகுதான். அதுவரை “கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர்”. இறுதிப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வராதவர்களும் அப்படியே “இறுதி ஆண்டு மாணவர்” என்று நில்லுங்கள்.

போஸ்டரில் ஐந்து பெயர் இருக்கு. நான் செய்தேன் என்று எழுதினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? மேற்பார்வையாளர் பெயரையும் போட வேண்டுமா?

ஐந்து பேருடைய பெயரும் போஸ்டரின் தலைப்புக்குக் கீழே வந்துவிடும். குறிப்பு, நின்று விளங்கப்படுத்தும் ஆளுக்கு மட்டும். அங்கே மற்றவர்களின் பட்டியல் வேண்டாம். மேற்பார்வையாளரின் பெயரை “இவரின் வழிகாட்டலில்” என்று ஒரு தரம் போடலாம், ஆனால் 60 சொல்லில் 12 சொல் அவருடைய பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் போய்விடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நன்றிப் பகுதி போஸ்டரின் அடியில் இருக்கிறது. உங்கள் மரியாதையை அங்கே முழுதாகக் காட்டுங்கள்.

யார் எதைச் செய்தார் என்பதில்தான் கவனம் வேண்டும். ஆய்விதழ்கள் இதற்கு CRediT என்ற ஒழுங்கு ஒன்றைப் பயன்படுத்துகின்றன. எண்ணத்தை முன்வைத்தவர், முறையை வகுத்தவர், அளவீட்டைச் செய்தவர், தரவை ஒழுங்குபடுத்தியவர், முதல் வரைவை எழுதியவர், மேற்பார்த்தவர் என்று பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கிறது அது. 14ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் வசனத்தில் உள்ள வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் நேரே “இதை நான் செய்தேனா, நாங்கள் செய்தோமா?” என்று கேளுங்கள். நம் பிள்ளையின் குறிப்பில் முதலில் “ஆய்வை வடிவமைத்து” என்றும் ஒரு சொல் இருந்தது. வடிவமைத்தவர் மேற்பார்வையாளர். கிணறுகளைத் தெரிந்தெடுத்ததும் தண்ணீர் எடுத்ததும் அளந்ததும் ஒப்பிட்டதுந்தான் அவர். அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். எடுத்தபிறகு வசனம் இன்னும் பலமாகவே நின்றது, ஏனென்றால் மிச்சம் உள்ள ஒவ்வொன்றையும் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியும்.

“ஆய்வில் பங்களித்தார்”, “துணைபுரிந்தார்” என்று எழுதித் தப்பிக்கவும் வேண்டாம். அடக்கமாகத் தோன்றும், ஆனால் என்ன செய்தீர்கள் என்று அது சொல்லாது.

திறந்த நாளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அயலில் உள்ள தோட்டக்காரர்களும் வருவார்கள். போஸ்டர் அமர்வுக்கு எழுதியதையே ஒட்டினால் போதாதா?

போதாது. போஸ்டர் அமர்வில் உங்களைப் போன்றவர்கள் வாசிக்கிறார்கள். திறந்த நாளில் வருகிறவர் தன்னுடைய கிணற்றை நினைத்துக்கொண்டு வருகிறார். அதே பிள்ளை திறந்த நாளுக்கு எழுதியது இது:

> வணக்கம், நான் ————. இரசாயனவியல் படிக்கிறேன். வயலுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு கலக்கிறது என்று பார்க்க, 20 கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்து அளந்தேன். கலந்தால் நிறமும் மாறாது, மணமும் ருசியும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் குழாயில் நடக்கும் நிறமாற்றத்தைக் காட்டுகிறேன், வாருங்கள்.

நைத்திரேற்று என்ற சொல்லே இங்கு இல்லை. அதை நேரில் சொல்லலாம். செய்துகாட்டப் போகும் பரிசோதனையைக் குறிப்பே சொல்லிவிடுகிறது. தன் வயதுக்கு நெருங்கிய ஒரு அக்கா பேசுகிறார் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டும், தோன்றினால் கேள்வி தானாக வரும்.

இதில் “வயலுக்கு” என்று இருந்ததை வந்த முதல் ஆளே திருத்திவிட்டார். வயது போன ஒரு தோட்டக்காரர், வாசித்துவிட்டு, “பிள்ளை, இது தோட்டம், வயல் எண்டால் நெல்லெல்லோ” என்றார். நம் ஊரில் செம்மண்ணில் வெங்காயம் வைப்பது தோட்டம், நெல் விதைப்பதுதான் வயல். உடனேயே பிள்ளை பேனையால் வெட்டி மாற்றினார். அந்த ஒரு சொல் பிழையாக இருந்திருந்தால் அன்று வந்த தோட்டக்காரர் ஒவ்வொருவரும், இந்தப் பிள்ளை கிணற்றடிக்குப் போனதா என்று யோசித்திருப்பார்.

ஐயா அடுத்துக் கேட்டதுதான் முக்கியம்: “அப்ப எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும், குறிப்பு எழுதும்போதே அதை எதிர்பார்த்து எழுதுங்கள். “நீர்த் தரப் பரிசோதகர்”, “குடிநீர் நிபுணர்” என்ற மாதிரிச் சொல் குறிப்பில் இருந்தால், நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி அவர் கிணற்றை மூடவும் கூடும், மூட வேண்டியதைத் திறந்து வைக்கவும் கூடும். நைத்திரேற்றால் கூடிய ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. அவர்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாவதால் செறிவு இன்னும் கூடும். இவற்றைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அளக்காத கிணற்றைப் பற்றி ஆம், இல்லை என்று சொல்லக் கூடாது. பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு முறையாகப் பரிசோதிக்கும்படி சொல்லுங்கள்.

தண்ணீர் எடுத்த வீடுகளின் ஒழுங்கையையோ சொந்தக்காரர் பெயரையோ குறிப்பில் போடாதீர்கள். “இணுவில் கந்தசுவாமி கோயிலடிக் கிணறு” என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். கிணறு கெட்டது என்ற பேச்சு ஒரு காணியின் விலையையும் ஒரு வீட்டுச் சம்பந்தத்தையும் தொடும்.

முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கினால் என்ன? பீடத்தில் எல்லாமே ஆங்கிலம்தானே.

ஆங்கிலக் குறிப்பும் வேண்டும், மண்டபத்துக்குச் சிங்கள மாணவர்களும் வெளியாட்களும் வருவார்கள். ஆனால் ஒன்றை வைத்து மற்றதைப் பெயர்த்தால் நடப்பது இதுதான்:

> யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீட இரசாயனவியல் துறையில் கல்வி பயின்றுவரும், நிலத்தடி நீரின் தரம் தொடர்பான ஆய்வில் ஆர்வமுடைய, வலிகாமப் பிரதேசக் கிணறுகளில் நைத்திரேற்றுச் செறிவை ஆராய்ந்த இறுதி ஆண்டு மாணவியான இவர்…

ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவதை, தமிழில் பெயருக்கு முன்னால் அடுக்க வேண்டியிருக்கிறது. யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியவே வாசிப்பவர் கடைசிச் சொல் வரை போக வேண்டும். நின்றபடி வாசிப்பவர் அவ்வளவு தூரம் வரமாட்டார். தமிழில் ஆளை முதலில் நிறுத்திவிட்டு, செய்ததை ஒவ்வொரு வினைமுற்றாக முடித்துக்கொண்டு போங்கள்.

சொல் எண்ணிக்கையும் மாறும். ஆங்கிலத்தில் 60 சொல் எடுப்பது தமிழில் 40, 45 சொல்லில் அடங்கிவிடும், வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டுவதால். ஆனால் சொற்கள் நீளம். ஆகவே ஏற்பாட்டாளர்கள் 60 சொல் என்று சொன்னால், தமிழில் அதை நிரப்ப முயலாதீர்கள். அட்டையில் இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்க வேண்டி வரும்.

நான் ரைப் பண்ணி அனுப்பிய தமிழ், புத்தகத்தில் ஏதோ ஆங்கில எழுத்தாக வந்திருக்கு. ஏன்?

பாமினியில் ரைப் பண்ணியிருப்பீர்கள். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் “யாழ்ப்பாணம்” என்பது இப்படித் தெரியும்:

```
aho;g;ghzk;
```

அந்த எழுத்துரு உள்ள கணினிகளில் சரியாகவே தெரிவதால், பலருக்கு இது புத்தகம் அச்சாகி வந்த பிறகே தெரிய வருகிறது. விண்ணப்பப் படிவத்தில் ஒட்டுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றித்தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றியபின் ஒரு தரம் வாசிக்கவும் வேண்டும். சில மாற்றிகள் “ஸ்ரீ”, “க்ஷ” போன்றவற்றைக் குழப்பும்.

அச்சகத்தில் வேறொரு பிரச்சினை. யூனிகோடில் சரியாக இருக்கும் தமிழை, தமிழ் அமைப்பு முறை தெரிவு செய்யப்படாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். “கொ” மூன்று துண்டாக நிற்கும். ஒருமுறை அமர்வுக்கு முதல் நாள் பின்னேரம் 40 அட்டைகள் இப்படி வந்தன, இரவிரவாகத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. எழுத்தைத் தனியாகக் கொடுக்காமல், எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎப் ஆகவே கொடுங்கள். அச்சடித்த முதல் அட்டையில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் சொற்களை மட்டும் பாருங்கள். அவை சரியென்றால் மற்றவையும் சரி.

படமும் போன் நம்பரும் போடலாமா?

படம் நல்லது, இடைவேளையில் ஆளைத் தேடிப் பிடிக்க உதவும். போன் நம்பர் வேண்டாம், பெண் பிள்ளைகள் கட்டாயம் வேண்டாம். பல்கலைக்கழக ஈமெயில் போதும். கியூஆர் குறியீடு வைப்பதென்றால், எவ்வளவு தூரத்தில் நின்று போனை நீட்டுவார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். 30 சென்ரிமீற்றருக்கு 3 சென்ரிமீற்றர்.

அனுப்புவதற்கு முன் சரியா பிழையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் தம்பி, விடுதியில் கலைப்பீடத்துத் தோழி, யாராக இருந்தாலும் சரி. “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். வாசித்து முடித்ததும் பேப்பரைத் திருப்பி வாங்கிவிட்டு, “இவரிடம் என்ன கேட்பாய்?” என்று கேளுங்கள். ஒரு கேள்வியும் வராவிட்டால் இரண்டாவது வசனத்தில் இன்னும் உங்கள் கை தெரியவில்லை என்று பொருள். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று மட்டும் கேட்டால் சொல் கடினம். ஆய்வைப் பற்றிய கேள்வி வந்தால் அனுப்பலாம்.

நம் பிள்ளை தன் அம்மாவிடம் கொடுத்தாராம். அம்மா வாசித்துவிட்டுக் கேட்டது: “எங்கட கிணத்தில ஏன் எடுக்கேல்லை?” மதிப்பிட வந்தவரும் அதே கேள்வியைத்தான், தெரிவு ஒருபக்கச் சார்பில்லாமல் இருந்ததா என்ற வடிவில், அமர்வில் கேட்டார்.